‘செட் ஆக மாட்டாங்க’

எங்கள் அலுவலகம் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், நகைக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. தி. நகரின் துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பில் போடும் மென்பொருளைச் செய்து தருகிறோம். பில் வராமல் நின்றுபோனால் கடைக்காரர்கள் போனில் கத்துவார்கள். அந்தக் கத்தலை வாங்கிக்கொண்டு கோளாறைச் சரிசெய்வதற்கென்று ஒரு சப்போர்ட் டீம் உண்டு. அதற்கு ஆள் எடுப்பதில் உதவுவது எச்.ஆர். என்ற முறையில் என் வேலை. எனக்கு ஐம்பது வயதாகிறது. கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்தில் போகவும் செய்யும். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் அங்கே சேர்ந்த புதிதில், நேர்முகத் தேர்வு முடிந்ததும் டீம் பையன்கள் வந்தவரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பழக்கம், வந்த மனிதருக்கு ஒரு டீயாவது வாங்கித் தருகிறார்களே என்றுதான் நினைத்தேன். அது டீ அல்ல, கடைசிச் சுற்று என்பது எனக்கு ஒரு பெண்மணி தேர்வுக்கு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீமில் ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேர் கடைசிவரை வந்திருந்தார்கள். ஒருவன் இருபத்தாறு வயதுப் பையன். சிரித்த முகம், வாய் ஓயாத பேச்சு. டீமில் பாதிப் பேர் படித்த கல்லூரியிலேயே படித்தவன். மற்றவர் முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி. ஆதம்பாக்கத்தில் வீடு. உருது பேசும் முஸ்லிம் குடும்பம். பஸ் டிக்கெட் முன்பதிவு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் பல வருடம் இருந்தவர். அந்த நிறுவனம் கடையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போனது. தனியாக இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு இவரால் போக முடியவில்லை. ஏழு மாதமாக வேலை இல்லை.

முதல் முறை போனில் பேசியபோதே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார்.

“ரெண்டு எடத்துல கடைசி ரவுண்டு வரைக்கும் போனேன் மேடம். எல்லாம் நல்லா பண்ணீங்க, ஆனா எங்க டீமுக்கு செட் ஆகாதுன்னுட்டாங்க. என்னா தப்புன்னு சொன்னா திருத்திக்கலாம். செட் ஆகாதுன்னா நான் எதைத் திருத்துறது?”

அதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி கேட்பவர் மாதிரி கேட்டார்.

அவருடைய நேர்முகத் தேர்வு நன்றாகவே நடந்தது. நான், சப்போர்ட் டீமின் தலைவர், டீமின் மூத்த பையன் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். தலைவர் மயிலாப்பூர்க்காரர். முப்பத்தைந்து வயது, மெல்லிய பேச்சு. மூத்த பையன் சைதாப்பேட்டை. எதிர்ப்பட்டவரெல்லாம் அவனுக்கு மச்சி. அந்தப் பெண்மணி கேட்டதற்குப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். “அவ்ளோதாங்க, முடிஞ்சிது” என்று தலைவர் சொன்னார். அந்தப் பெண்மணி எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். மூத்த பையன் வாசலில் நின்றுகொண்டு, “வாங்க, கீழ ஒரு டீ அடிச்சிட்டுப் போலாம்” என்றான். அதற்குள் டீமில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“இல்ல சார், பரவால்ல. ட்ரெயினுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு அவர் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

பையன்கள் மட்டும் டீ குடித்துவிட்டு மேலே வந்தார்கள். தலைவர் என் மேஜைக்கு வந்தார்.

“மேடம், அந்தப் பையனையே எடுத்துக்கலாம். இவங்க நல்லவங்கதான், ஆனா செட் ஆக மாட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தை. “ஏன்?” என்றேன்.

“மிங்கிள் ஆகறதில்ல.”

“எதை வெச்சு?”

“டீக்குக் கூப்பிட்டோம், வரல. பையன் வந்தான். அரை மணி நேரம் எல்லாரையும் சிரிக்க வெச்சான்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி என்ன பேசினேன் என்பதை இங்கே முழுவதும் எழுத வேண்டாம். தேர்வு முடிந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு தேர்வு வைத்து, அதில் பெயில் என்றும் சொல்வீர்களா என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஐந்து ஆண்களோடு, சிகரெட் புகைக்கு நடுவில், தெருவோரம் ஒரு பெண் நின்று டீ குடிக்காததில் என்ன அதிசயம் என்று கேட்டேன். மூத்த பையன், “இன்னா மேடம், சும்மா ஒரு டீ. அதுக்குப் போய்...” என்று இழுத்தான். சும்மா டீ என்றால் அதற்கு எதற்கு மார்க் என்றேன்.

கோபம் இறங்கியதும் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு யாரையும் ஒதுக்கிவைக்கும் எண்ணம் கிடையாது, அது எனக்குத் தெரியும். மாடிப்படியில் அவரோடு இறங்கும்போது, “டீக்கடையில அப்படி என்னதான் பார்க்கறீங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் சொன்னார். நான் சேர்வதற்கு முந்தைய தீபாவளிச் சமயத்தில் டீமில் ஒருவர் இருந்திருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். ஒரு துணிக்கடையின் தள்ளுபடியைத் தப்பாகப் பதிந்துவிட்டார், எல்லாப் பில்லிலும் தள்ளுபடி இரண்டு முறை விழுந்துகொண்டிருந்தது. மத்தியானமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார், மேலும் குழம்பிவிட்டது. கடைசியில் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். கூட்டம் நெரியும் அந்தக் கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால், தலைவர் நின்றுகொண்டு திட்டு வாங்கினார்.

“தப்பு பண்ணது பரவால்ல மேடம். எங்கிட்ட சொல்லலையே, அதுதான். அதுக்கப்பறம்தான் இந்த டீ. ஆபீஸ்ல எல்லாரும் நன்னாதான் பேசறா. கீழ டீக்கடையில நின்னா மனுஷன் யாருன்னு தெரிஞ்சுடும்னு ஒரு நம்பிக்கை.”

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. என் அப்பாவும் இதைத்தான் செய்தார். தெற்கேயிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தவர் அவர். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “நம்ம ஊரா?” என்பதுதான். நம்ம ஊர் என்றால் அவன் மாமாவைத் தெரியும், அவன் கல்லாவில் கை வைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியும். அதில் துவேஷம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனால் வேறு ஊர்க்காரன் எவனும் அந்தக் கடையில் நுழைந்ததே இல்லை என்பதும் உண்மை. எங்கள் டீம் பையன்கள் அந்த மாதிரிக் கடைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் ஊரைக் கேட்கவில்லை, டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“உங்களுக்கு வேண்டியது தப்பை மறைக்காத ஆள். அதை நான் விடச் சொல்லல. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. ஆனா டீக்கடையில சிரிக்க வைக்கறவன் தப்பை மறைக்க மாட்டான்னு எப்படித் தெரியும்? அந்த ஆள், அந்தத் தள்ளுபடிக்காரர், அவர் டீ குடிக்க வருவாரா?” என்று கேட்டேன்.

தலைவர் படியிலேயே நின்றுவிட்டார். “டெய்லி வருவார்” என்றார்.

மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எங்கள் டீமின் குணங்கள் என்று சுவரில் வண்ண வண்ணமாக ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். ஒரு குணத்தைச் சொன்னால், அது வேலையில் எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்கிற மாதிரி, காதால் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அதற்கு மார்க் கிடையாது.

‘நேர்மை’ சுலபமாக வந்தது. தப்பு நடந்தால் யாரும் கேட்பதற்கு முன்னால் தானே சொல்வது. ‘குடும்ப உணர்வு’ தகராறு பண்ணியது. குடும்பம் என்றால் என்ன என்று கேட்டதற்கு மூத்த பையன் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் என்றான். கிரிக்கெட் ஆடத் தெரியாத எனக்குக் குடும்பமே இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டு யோசித்தான். பிறகு அவனே சொன்னான்: “ஒருத்தன் லீவு போட்டா அவன் வேலைய இன்னொருத்தன் மொணங்காம எடுத்துக்கணும் மேடம். அதான்.” அதை எழுதிக்கொண்டோம். ‘எனர்ஜி’ என்று ஒன்று இருந்தது. அரை மணி நேரம் முட்டிப் பார்த்தோம். சத்தமாகப் பேசுவது என்பதைத் தவிர வேறு அர்த்தம் வரவில்லை. அதை அடித்துவிட்டோம்.

இரண்டு பேரையும் மறுபடி அழைத்தோம். அரை மணி நேரம் பேச வேண்டும், இன்னின்ன விஷயம் கேட்போம், ஒரு கோபக்காரக் கடைக்காரரின் போனை நடித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே இருவருக்கும் சொன்னேன். இருவருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. பேசி முடித்ததும் மூவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாக மார்க் போட்டு, அவர் சொன்ன எதற்காக அந்த மார்க் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஒருவர் ‘சூப்பர்ல’ என்று ஆரம்பித்தால் மற்ற இருவரின் மார்க்கும் அதன் பின்னாலேயே ஓடும், அதனால்தான்.

பையன் முதலில் வந்தான். கடைக்காரரின் போனை அழகாகச் சமாளித்தான். நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்றபோது மட்டும் தடுமாறினான். ஒரு கதை சொன்னான். அதில் தப்பு பக்கத்து டீம்காரருடையதாக இருந்தது. சரி, உங்களுடையது என்று தலைவர் கேட்டார். தனக்கு வேலையில் ஈடுபாடு கொஞ்சம் அதிகம், அதுதான் தன் தப்பு என்றான். கெட்ட பையன் இல்லை. யாரோ அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து அந்தப் பெண்மணி. போனில் அவர் பையன் அளவுக்குக் குழையவில்லை. குரலை உயர்த்தாமல், “நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கினே இருக்கேன்” என்று சொல்லிக் கடைக்காரரை முழுவதும் கொட்ட விட்டார். தவறைப் பற்றிக் கேட்டதும் சட்டென்று சொன்னார். ஒரு கல்யாணக் கோஷ்டியின் பஸ் தேதியை மாற்றும்போது, அதே பெயரில் இருந்த வேறொரு கோஷ்டியின் தேதியை மாற்றிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தது. மேலதிகாரியிடம் கேட்காமல் முதலில் தேதி மாறிப்போன அந்தக் கோஷ்டிக்குப் போன் பண்ணிவிட்டார்.

“எங்க சார் ரொம்பக் கோவிச்சுக்கினார். என்னைக் கேக்காம கஸ்டமர்கிட்ட எப்படிச் சொன்னேன்னு. பஸ் தேதி மாறிட்டதப் பாத்து அவங்க வேற வேன் ஏற்பாடு பண்றதுக்குள்ள சொல்லணும்ல சார்?”

“அப்பறம்?” என்றார் தலைவர்.

“அப்புறம் பாத்தா, ஸ்க்ரீன்ல பேர் மட்டும்தான் வருது, தேதி வரல. யாரு வேணா தப்பு பண்ணுவாங்க. தேதியும் போடுங்கன்னு கேட்டேன். போடல. மறுபடி கேட்டேன். கேட்டுக்கினே இருந்தேன். கடைசில போட்டாங்க. எனக்குப் பிடிவாதக்காரின்னு பேர் வந்திச்சு.”

“இனிமே இப்படி நடந்தா யாருகிட்ட முதல்ல சொல்லுவீங்க?”

“உங்ககிட்டயும் சொல்வேன், அவங்ககிட்டயும் சொல்வேன். ஆனா நீங்க சரின்னு சொல்றவரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டேன் சார். இப்பவே சொல்லிடறேன்.”

வேலை இல்லாத ஏழாவது மாதத்தில், வேலை தருகிறவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு தலைவரைப் பார்த்தார்.

“அன்னிக்கு டீ குடிக்கக் கூப்பிட்டீங்களே, அதுவும் இன்டர்வியூவா சார்?”

இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். மூத்த பையன் என்னைப் பார்த்தான், நான் தலைவரைப் பார்த்தேன். இதற்குப் பதில் அவர்தான் சொல்ல வேண்டும்.

“ஆமாங்க” என்றார் தலைவர். “டெஸ்ட்தான். உங்ககிட்ட சொல்லாம வெச்சோம். நீங்க வரலன்னு வேண்டாம்னும் நான்தான் சொன்னேன். தப்பு என்னுதுதான்.”

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. “டீன்னு சொன்னா டீதான்னு நெனச்சேன் சார்” என்றார். “சொல்லியிருந்தா நின்னு குடிச்சிட்டுப் போயிருப்பேன்.” அவர் போன பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தனித்தனியாக மார்க் போட்டோம். பேசும் விதத்தில் பையனுக்கு மூவருமே அதிகம் போட்டிருந்தோம். கேட்பதற்கு முன்னால் சொல்வது, மற்றவர் வேலையை எடுத்துக்கொள்வது, கோளாறின் வேரைத் தேடிப்போவது, இவையெல்லாவற்றிலும் அந்தப் பெண்மணிதான் மேலே. கஸ்டமரிடம் முதலில் சொன்னது சரியா என்று எங்களுக்குள் சண்டை வந்தது, தலைவருக்கு இன்றைக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும், “அன்னிக்கு இவங்க இருந்திருந்தா நான் அந்தக் கடையில நின்னிருக்க மாட்டேன்” என்றார். முடிவாகிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூத்த பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “சூப்பர் மேடம். நம்ம டீம்ல லேடீஸே இல்ல, முஸ்லிமும் யாரும் இல்ல. நம்மள மாதிரியே ஆளான்னு கல்ச்சர் ஃபிட் பாக்கக் கூடாது, நம்மகிட்ட இல்லாதத சேக்கறாங்களான்னு கல்ச்சர் ஆட் பாக்கணும்னு இப்பல்லாம் சொல்றாங்கல்ல? இவங்கதான் நமக்கு ஆட். வெப்சைட்ல குரூப் போட்டோ போட்டாலே கெத்தா இருக்கும்.”

நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால் இந்த முறை கத்தவில்லை. உட்காரச் சொன்னேன்.

“டீ குடிக்க வரலன்னு வேண்டாம்னு சொன்னதும், துப்பட்டா போட்டிருக்காங்கன்னு வேணும்னு சொல்றதும் ஒண்ணுதான்ப்பா. ரெண்டுலயும் நாம அவங்களைப் பார்க்கல. நம்ம டீம்ல இல்லாத எது அவங்ககிட்ட இருக்கு, சொல்லு. நீ எழுதினதுலேருந்து சொல்லு.”

அவன் தன் தாளைப் பார்த்தான். “நம்மள்ல யாரும் திருப்பிக் கேக்க மாட்டோம் மேடம்” என்றான். “சார் சொன்னா சரின்னுட்டு போய்க்கினே இருப்போம். இவங்க கேட்டாங்க.”

“அதுதான் ஆட். அதை எழுது.”

அவன் எழுதினான். அந்த வாரமே ‘செட் ஆகாது’ என்ற காரணத்தை யாரும் சொல்லக் கூடாது என்று தலைவர் டீமில் அறிவித்தார். அப்படித் தோன்றினால், எந்த வேலையில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

முதலில் பையனுக்குப் போன் பண்ணினேன். பிடிக்காத வேலையை முதலில் முடிப்பது என் வழக்கம். எங்கே மார்க் குறைந்தது என்று மறைக்காமல் சொன்னேன். பிறகு, “அன்னிக்கு டீ குடிக்கும்போதே நீ வந்துட்ட மச்சின்னு எல்லாரும் சொன்னாங்களே மேடம். நான் வீட்டுல சொல்லிட்டேன்” என்றான். என்ன சொல்வது? அந்த டீ அவனையும்தான் ஏமாற்றியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். தவறைப் பற்றிக் கேட்டால் உன் தவறையே சொல்லு, யாரும் உன்னைத் தின்றுவிட மாட்டார்கள் என்றும் சொன்னேன். சரி மேடம் என்றான். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு அந்தப் பெண்மணிக்குப் போன் பண்ணினேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. வேலை உங்களுக்குத்தான் என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ’ என்றேன்.

“இருக்கேன் மேடம்” என்றார். “ஒண்ணு கேக்கலாமா? என்னை எதுக்கு எடுத்தீங்க?”

“தப்பை நீங்களே போய்ச் சொன்னீங்க. எங்கே தப்பு வருதுன்னு தேடினீங்க. எங்க சாரையே திருப்பிக் கேட்டீங்க. எங்க டீம்ல அது யாருக்கும் வராது.”

அவர் அதை யோசிப்பது எனக்குத் தெரிந்தது. குக்கர் இன்னொரு முறை கத்தி அடங்கியது.

“வேற எதுக்கும் இல்லையே மேடம்?”

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு இடத்தில் காரணம் தெரியாமல் வேண்டாம் என்று கேட்டவர். காரணம் தெரியாமல் வேண்டும் என்று சொன்னாலும் அவரால் வர முடியாது. மூத்த பையன் எழுதிய அந்த வரிக்காக அவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

“வேற எதுக்கும் இல்லம்மா” என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் பார்க்கவில்லை.

“அப்ப வரேன்” என்றார்.